அரைப்புள்ளி ஒலிப்பதில்லை

நம் துறை நடத்தும் விழாக்களுக்கு விருந்தினரைப் பற்றிய அறிமுகக் குறிப்பை எழுதித் தரும் பணி, நாம் இக்கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்த ஆண்டிலேயே நம்மிடம் வந்து சேர்ந்தது. கையெழுத்து தெளிவாக இருக்கிறது என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். விருந்தினர் அனுப்பும் வாழ்க்கைக் குறிப்பை வாங்கி, நல்ல தமிழில் நிரவி எழுதி, தொகுப்புரை வழங்கும் மாணவர் கையில் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்றே சில ஆண்டுகள் எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் 2009ஆம் ஆண்டு இலக்கிய மன்றத் தொடக்க விழாவில் உடைந்தது.

அவ்விழாவிற்குச் சிறப்பு விருந்தினராக வந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். தம்மைப் பற்றி ஒரு பக்க அளவில் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார். பணிப் பதிவேட்டிலிருந்து எடுத்த குறிப்புப் போல, ஆண்டும் செய்தியுமாக அடுக்கியிருந்தது அந்தத் தாள். அதில் ஒரு வரி: “கணவர் மறைவு 1994, எம்.ஃபில். 1996, தலைமையாசிரியை 1998.” நாம் அதற்கு வினைமுற்றுகளைச் சேர்த்து வாக்கியமாக்கினோம். 1994ஆம் ஆண்டு கணவர் மறைந்தார். 1996ஆம் ஆண்டு எம்.ஃபில். பட்டம் பெற்றார்; 1998ஆம் ஆண்டு தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு பெற்றார். இலக்கணப் பிழை ஏதுமில்லை. அரைப்புள்ளிகூட அதற்குரிய இடத்தில்தான் இருந்தது.

தொகுப்புரை வழங்கிய மாணவர் இரண்டாம் ஆண்டு இளங்கலை. நல்ல குரல்வளம். ஒவ்வொரு ‘ஆண்டு’ என்ற சொல்லிலும் குரலை உயர்த்தி, வினைமுற்றில் இறக்கி, மூன்றையும் ஒரே சந்தத்தில் படித்தார். பதவி உயர்வு என்ற சொல் வந்ததும், வழக்கப்படி அவையில் கைத்தட்டல் எழுந்தது. ஒரே மூச்சில் வந்த மூன்று செய்திகளுக்கும் சேர்த்தே அந்தக் கைத்தட்டல் விழுந்தது. அம்மையார் மேடையில் தலை குனிந்தபடி, முன்னால் இருந்த தண்ணீர்க் குவளையைச் சற்று நகர்த்தி வைத்தார். நாம் முதல் வரிசையில் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் தம் உரையில் அதைப் பற்றி ஒன்றும் குறிப்பிடவில்லை. விழா முடிந்து தேநீர் அருந்தும்போது மன்னிப்புக் கேட்டோம். “நீங்கள் எழுதியதில் பிழை ஒன்றும் இல்லை, தம்பி. நான் அனுப்பியதைத்தானே எழுதினீர்கள்? ஆனால், எனக்கு அந்த மூன்றும் மூன்று வரி. அந்தப் பிள்ளை படித்தபோது ஒரே வரியாகக் கேட்டது” என்றார். 

அதற்குப் பிறகே, எழுதிய வாழ்க்கை வரலாற்றைச் சொல்லக்கூடிய வாழ்க்கை வரலாறாக மாற்றுவது எவ்வாறு என்று நாம் சிந்திக்கத் தொடங்கினோம். தாளில் செய்திகளைப் பிரித்துக் காட்டுவன அரைப்புள்ளி, அடைப்புக்குறி, பத்தி, வரிசை எண், தடித்த எழுத்து ஆகியவை. இவற்றுள் ஒன்றுக்கும் ஒலி கிடையாது. குரல் நின்றால் மட்டுமே அவை காதுக்குத் தெரியும். எங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை, மேடையில் முதன்முறையாக அந்தத் தாளைப் பார்க்கும் மாணவர் எவ்வாறு அறிவார்? ஆகவே, குறிகள் செய்த வேலையை வாக்கியங்களே செய்யும்படி எழுதித் தர வேண்டியது எழுதுபவர் பொறுப்பாகிறது.

நாம் வேலை செய்த ஒரு குறிப்பை எடுத்துக்கொண்டு இதைக் காட்டினால் விளங்கும். சில ஆண்டுகளுக்கு முன், கம்பராமாயணம் பற்றிய ஒரு சொற்பொழிவுக்கு ஏற்பாடு செய்திருந்தோம். நீதியரசர் இஸ்மாயீல் அவர்களை நினைவுகூர்ந்து அதைத் தொடங்குவது என்று துறையில் முடிவாயிற்று. அவர்களைப் பற்றிய குறிப்பை மாணவர் ஒருவர் எழுதி வந்தார். அது முழுவதும் ஒரே வாக்கியம்:

“நாகூரில் 8.2.1921இல் பிறந்தவரும், சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகப் (1979 - 1981) பணியாற்றியவரும், 1980இல் சில நாட்கள் தமிழகத்தின் பொறுப்பு ஆளுநராக இருந்தவரும், சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராக விளங்கியவரும், ‘கம்பன் கண்ட சமரசம்’ உள்ளிட்ட நூல்களின் ஆசிரியருமான நீதியரசர் மு.மு. இஸ்மாயீல் அவர்கள் 2005இல் மறைந்தார்கள்.”

நம் மேடைகளில் நாள்தோறும் ஒலிக்கும் நடைதான் இது. ‘அவரும், இவரும், உவரும்’ என்று உம்மையில் தொடுத்துக்கொண்டே போய், இறுதியில் பெயரைச் சொல்லும் முறை. பெயரை இறுதியில் வைப்பதில் தவறில்லை. கைத்தட்டலுக்கு ஓர் இடம் வேண்டும், பெயர் அதற்கேற்ற இடம். ஆனால், மாணவரிடம் ஒரு கேள்வி கேட்டோம்: “தம்பி, இந்த வாக்கியத்தில் முற்றுவினை எத்தனை?” அவர் விரலால் தேடி, “ஒன்றுதான் ஐயா, மறைந்தார்கள்” என்றார். பிறந்தது, நீதி வழங்கியது, நூல் எழுதியது எல்லாம் வினையாலணையும் பெயர்களாகச் சுருங்கிப் பெயருக்கு அடையாகிவிட்டன. அந்த வாக்கியத்தின்படி அவர்கள் செய்த ஒரே செயல் மறைந்தது. கண்ணால் படிப்பவருக்கு இது உறுத்தாது. காதால் கேட்பவர் வினைக்காகக் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் கிடைத்த ஒரே வினையை மட்டும் எடுத்துக்கொண்டு வீடு செல்வார்.

எனவே நாம் செய்த முதல் வேலை, வாழ்நாளில் செய்த செயல் ஒவ்வொன்றுக்கும் ஒரு முற்றுவினை கொடுத்தது. ஒரு வாக்கியம் ஒரு மூச்சுக்குள் அடங்க வேண்டும் என்பது நாம் வைத்துக்கொண்ட அளவு. மாணவர்களைப் படிக்கச் சொல்லிக் கேட்ட அனுபவத்தில், பத்துச் சொற்கள், மிஞ்சினால் பன்னிரண்டு சொற்கள் வரைதான் குரல் தளராமல் போகிறது. அதற்குமேல் போனால், முற்றுவினையை அடையுமுன் மூச்சு தீர்ந்து, வாக்கியத்தின் தலையாய சொல் விழுங்கப்படுகிறது. தமிழில் வினை இறுதியில் நிற்பதால், இந்த இழப்பு நமக்குச் சற்று மிகுதி என்றே சொல்ல வேண்டும்.

அடுத்து எண்கள். ‘8.2.1921’ என்பதைக் கண் நொடியில் கடந்துவிடும். வாய் அதைக் கடக்க, ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றாம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் எட்டாம் நாள்’ என்று பயணம் செய்ய வேண்டும். ஒத்திகையில் நம் மாணவர், ‘எட்டு, இரண்டு’ என்று தொடங்கி, அங்கேயே நின்றுவிட்டார். அடைப்புக்குறிக்குள் இருந்த இரண்டு ஆண்டுகளையோ, இடையில் ‘முதல்’, ‘வரை’ எதுவும் இல்லாமல், இரண்டு தொலைபேசி எண்களைப் போலப் படித்தார். அவரைக் குறை சொல்ல இயலாது. இடையிலிருந்த கோட்டுக்கும் ஒலி இல்லையே! இப்போது நாம் கைக்கொள்ளும் முறை இது: ஓர் அறிமுகத்தில் முழு ஆண்டு எண் இரண்டு இடங்களுக்குமேல் வரலாகாது, வந்தாலும் அதை எழுத்தால் எழுதிவிட வேண்டும். மற்றவற்றை இடைவெளியாகச் சொல்லலாம். ‘இரண்டு ஆண்டுகள் கழித்து’ என்றால் கேட்பவர் மனத்தில் காலம் நகர்கிறது. இன்னொரு ஆண்டு எண்ணைச் சொன்னால், அவர் முந்தைய எண்ணை நினைவுகூர்ந்து கழித்தல் கணக்குப் போட வேண்டும். அதற்குள் தொகுப்பாளர் அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

பெயரின் முன்னெழுத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. ‘மு.மு.’ என்பது தாளில் அழகாக இருக்கிறது. ஒலிபெருக்கியில் சொன்னால், படிப்பவர் திக்கி மீண்டும் தொடங்கியது போலக் கேட்கிறது. அவையிலிருக்கும் பெரியவர்கள் அவர்களை ‘எம்.எம். இஸ்மாயீல்’ என்றே சொல்லிப் பழகியவர்கள். ஆகவே மேடைக்கு அப்படியே எழுதினோம். தமிழ்த்துறை விழாவில் ஆங்கில முன்னெழுத்தா என்று நண்பர் ஒருவர் சற்றே முகம் சுளித்தார். அழைப்பிதழில் ‘மு.மு.’ என்றே அச்சிட்டிருக்கிறோம் என்று காட்டியபின் சமாதானமானார்.

இவற்றையெல்லாம்விட நம்மை நெடுநேரம் நிறுத்திவைத்தது மரியாதைப் பன்மை. நம் சமுதாய மேடைகளில் பெரியவர்களைக் குறிக்கும்போது ‘அவர்கள் சொன்னார்கள், எழுதினார்கள்’ என்று ‘ஆர்கள்’ விகுதி கொண்டே முடிப்பது மரபு. ‘சொன்னார்’ என்று முடித்தால் சில மூத்தவர்களுக்கு மனம் ஒப்பாது. அம்மரபைக் காப்பது என்று முடிவு செய்து, முதல் வரைவை எழுதினோம். அதில் ஒரு வாக்கியம் இப்படி அமைந்தது: ‘அவர்களைக் கேரள உயர்நீதிமன்றத்திற்கு மாற்றினார்கள், அவர்கள் பதவியை விட்டு விலகினார்கள்.’ நமக்குப் பொருள் விளங்குகிறது. உரக்கப் படித்தால், மாற்றியவர்கள் யார், விலகியவர்கள் யார் என்ற குழப்பம் வந்துவிடுகிறது. மாற்றியவர்களே விலகிவிட்டார்கள் போலும் என்று கேட்பவர் எண்ண இடமிருக்கிறது! மரியாதைக்குரிய ஒருவரும் உண்மையான பலரும் ஒரே விகுதியில் முடிவதால் வரும் மயக்கம் இது. அந்த வாழ்க்கையின் திருப்புமுனையே அந்த வாக்கியத்தில் இருந்ததால், மயக்கத்தை அங்கே விட்டுவைக்க இயலவில்லை. ‘ஆர்கள்’ என்ற முடிவை நீதியரசருக்கு மட்டும் உரியதாக ஒதுக்கிவைத்தோம். பிறர் செய்தவற்றையெல்லாம் ‘ஆணை வந்தது’, ‘பொறுப்பு அவர்களிடம் வந்தது’ என்று அஃறிணை முடிவுக்கு மாற்றினோம்.

இறுதியில் மாணவர் கையில் கொடுத்தது இது:

“நாகூரில் பிறந்த ஒரு பிள்ளை, சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக உயர்ந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் அந்தப் பதவியை ஏற்றார்கள். அடுத்த ஆண்டு, சில நாட்கள், தமிழகத்தின் ஆளுநர் பொறுப்பும் அவர்களிடம் வந்தது. அதற்கடுத்த ஆண்டு, கேரள உயர்நீதிமன்றத்திற்குச் செல்லுமாறு ஆணை வந்தது. அவர்கள் செல்லவில்லை. பதவியை விட்டு விலகினார்கள். நீதிமன்றத்தை விட்டார்கள், கம்பனை விடவில்லை. சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராக இருந்து பணி செய்தார்கள். ‘கம்பன் கண்ட சமரசம்’ என்று ஒரு நூல் எழுதினார்கள். அந்தக் கம்பனைப் பற்றிக் கேட்கவே இன்று நாம் கூடியிருக்கிறோம். நீதியரசர் எம்.எம். இஸ்மாயீல் அவர்களை நினைவில் இருத்தி, இந்த அவையைத் தொடங்குகிறோம்.”

பிறந்த நாள் போய்விட்டது. மறைந்த ஆண்டும் போய்விட்டது. நினைவுகூர்கிறோம் என்ற சொல்லிலேயே மறைவு அடங்கியிருக்கிறது. முதல் வரைவில் ஆளுநர் செய்தியையும் நீக்கியிருந்தோம். சில நாட்கள்தானே, கதையின் ஓட்டத்தைத் தடுக்கிறதே என்று கருதினோம். ஒத்திகை பார்க்க வந்த கல்லூரிப் பெரியவர் ஒருவர், “ஆளுநராக இருந்தார்களே, அதைச் சொல்லவில்லையா?” என்று கேட்டார். அவையில் இருப்பவர்கள் எதிர்பார்த்து வரும் செய்தி ஒன்றை விட்டுவிட்டால், அது வரவில்லையே என்ற எண்ணத்திலேயே அவர்கள் மற்றவற்றைக் கேட்காமல் போவார்கள். திரும்பச் சேர்த்தோம். மாறாக, 1977இல் அமைக்கப்பட்ட, நெருக்கடி நிலைக் காலத்தில் சென்னை மத்தியச் சிறையில் நடந்த கொடுமைகளை விசாரித்த ஆணையத்தின் பொறுப்பு அவர்களிடம் இருந்ததைச் சேர்க்க மாணவர் விரும்பினார். வாழ்க்கை வரலாற்று நூலில் அதற்கு ஓர் அதிகாரமே வேண்டும். அதைச் சொன்னால் விளக்க வேண்டும், விளக்கினால் கம்பன் காத்திருக்க வேண்டும். மனமின்றியே விட்டோம்.

மாணவர் தாமாகச் சேர்த்த ஒரு வரியையும் நீக்க நேர்ந்தது. ‘பகலில் சட்டம், இரவில் கம்பன்’ என்று எழுதியிருந்தார். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. அவர்கள் எப்பொழுது கம்பனைப் படித்தார்கள் என்பது உமக்குத் தெரியுமா என்று கேட்டோம். சிரித்துக்கொண்டே அடித்துவிட்டார். சந்தம் கிடைத்தவுடன் உண்மையைக் கோட்டைவிடும் ஆபத்து மேடைக்கு எழுதுபவருக்கு எப்போதும் உண்டு. ‘நீதிமன்றத்தை விட்டார்கள், கம்பனை விடவில்லை’ என்ற நம் வரியிலும் அந்த வாடை இல்லாமலில்லை. அது உண்மை என்பதால் மட்டும் தங்கிவிட்டது.

‘இயல்பாக ஒலிக்க வேண்டும்’ என்று சொன்னவுடன், பேச்சுத் தமிழில் எழுதிவிடலாமே என்று கேட்கும் மாணவர் உண்டு. ஒருமுறை முயன்றும் பார்த்தோம். ‘நாகூர்ல பொறந்தாங்க’ என்று ஒருவர் தாளைப் பார்த்துப் படித்தால், அவை நகைக்கிறது. பேச்சு வழக்கு, தாளைப் பாராமல் பேசுபவருக்கே பொருந்தும். மேடைக்கு உரிய தமிழ் இரண்டுக்கும் நடுவே இருக்கிறது: விகுதிகள் எழுத்துத் தமிழினுடையவை, சொற்களும் வாக்கிய நீளமும் பேச்சினுடையவை. ‘பயின்றார்கள்’ என்பதைப் ‘படித்தார்கள்’ ஆக்கலாம். ‘இயற்றியுள்ளார்கள்’ என்பது ‘எழுதினார்கள்’ ஆகலாம். ‘என்பது குறிப்பிடத்தக்கது’ என்பதை எங்கு கண்டாலும் நீக்கிவிடலாம். குறிப்பிட்டுவிட்ட பிறகு, குறிப்பிடத்தக்கது என்று சொல்வதால் ஆவதென்ன? இலக்கணப்படி சேர்ந்து வரும் ‘நீதியரசரவர்கள்’ போன்ற தொடர்களை, ‘நீதியரசர் அவர்கள்’ என்று பிரித்தே எழுதித் தருகிறோம். புணர்ச்சி விதியைக் கற்பிக்கும் நாமே இவ்வாறு செய்வதில் சிறிது கூச்சம் உண்டு. எனினும், சேர்த்தெழுதிய சொல்லை எங்கே பிரிப்பது என்று தேடும் அரை நொடியில் தொகுப்பாளரின் குரல் தடுமாறுவதைப் பலமுறை கேட்டுவிட்டோம்.

தாளைப் பற்றியும் ஒரு சொல். இப்போது விருந்தினர் குறிப்புகள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. மாணவர்களும் கைபேசியிலிருந்தே படித்துவிட விரும்புகிறார்கள். வாக்கியத்தின் பாதியில் திரை இருண்டுபோக, விருந்தினர் பெற்ற விருதின் பெயரை ஊகித்துச் சொன்ன ஒருவரை நாம் அறிவோம். நாம் இன்றும் தாளில்தான் எழுதித் தருகிறோம். ஒரு பக்கம் மட்டும், பெரிய எழுத்தில், ஒரு வரிக்கு ஒரு வாக்கியம். எந்த வாக்கியமும் இரண்டு பக்கங்களில் பிரிந்து நிற்கலாகாது. சிறிது நிற்க வேண்டிய இடத்தில் ஒரு சாய்கோடு, நன்றாக நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு. நிதானமாகப் படித்தால் நிமிடத்திற்கு ஏறக்குறையத் தொண்ணூறு சொற்கள் ஓடுகின்றன என்பது நம் கைக்கடிகாரக் கணக்கு. ஒன்றரை நிமிடத்திற்குமேல் போகும் அறிமுகத்தில், விருந்தினரே நெளியத் தொடங்குகிறார். எழுதி முடித்ததும் நாம் படிப்பதில்லை. மாணவரைப் படிக்கச் சொல்லி, தாளைப் பாராமல் கண்ணை மூடிக் கேட்கிறோம். நாமே எழுதிய வாக்கியம் நமக்கே விளங்காத இடத்தில் கையைத் தூக்குகிறோம்.

சென்ற ஆண்டு, அந்தத் தலைமையாசிரியை அம்மையாரை மீண்டும் ஒரு விழாவிற்கு அழைத்தோம். இம்முறை, எழுதிய அறிமுகத்தை முன்கூட்டியே அவருக்கு அனுப்பிவைத்து, நீக்க வேண்டியதை நீக்கித் தருமாறு வேண்டினோம். கணவர் மறைவைப் பற்றிய செய்தியை நாமே விட்டுவிட்டிருந்தோம். தாள் திரும்பி வந்தபோது, அவர் பெற்ற விருதுகளில் இரண்டை அடித்திருந்தார். ஓரத்தில், நடுங்கும் கையெழுத்தில், புதிதாக ஓர் இடத்தைச் சேர்த்திருந்தார்: “இவர் கணவர் இவரை எம்.ஃபில். படிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். படித்து முடித்தபோது அவர் இல்லை.” அதற்குக் கீழே நமக்கு ஒரு குறிப்பு: “இதைச் சொல்லலாம். மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள்.”

தொகுப்புரை வழங்கவிருந்த மாணவியிடம் தாளைக் கொடுத்தோம். இருமுறை படித்துவிட்டு, “எவ்வளவு மெதுவாக, ஐயா?” என்று கேட்டார். பேனாவை வாங்கி, ‘இல்லை’ என்ற சொல்லுக்குப் பின் இரண்டு சாய்கோடுகள் போட்டோம். சிறிது எண்ணிப் பார்த்துவிட்டு, மூன்றாவதாக ஒன்றையும் போட்டுக் கொடுத்தோம்.